கார்வையும் மூச்சும்: தொடக்கநிலைப் பாடகரின் உடற்பயிற்சி பற்றிய ஒரு நோக்கு

இசை பயிலத் தொடங்கும் ஒருவர் எதிர்கொள்ளும் முதற் சோதனை ஆதார சட்சத்தை நிறுத்திப் பாடுவதாகும். சரளி வரிசையைத் தட்டுத் தடுமாறியேனும் ஒப்பேற்றிவிடுபவர்கூட, தம்பூராவின் நாதத்துக்கு எதிரே ஒரு சுரத்தைப் பத்துச் செக்கன் அசையாது நிறுத்த முயலும்போது தோற்றுப்போவதைக் காண்கிறோம். சுரங்கள் விரைந்து மாறுகையில் மறைந்துகிடக்கும் குறைகள் யாவும் கார்வையிலே வெளிப்பட்டு விடுகின்றன. இத்தோல்விக்கு நம்மிடையே வழங்கும் விளக்கம் மிகச் சுருக்கமானது: "சாரீரம் இல்லை."

சாரீரம் என்பது சிலருக்குப் பிறப்பிலேயே வாய்ப்பது, ஏனையோருக்கு மறுக்கப்பட்டது என்னும் இக்கருத்து, இசை குடும்பவழித் தொழிலாக இருந்த காலத்தின் எச்சமாகும். இசைக் குடும்பத்திற் பிறந்த குழந்தை, பாடுகின்ற உடல்களைப் பார்த்தே வளர்கிறது. எப்படி அமர்வது, எப்பொழுது மூச்செடுப்பது, எடுத்த மூச்சை எவ்வாறு சிக்கனமாகச் செலவிடுவது என்பவற்றை எவரும் சொல்லிக் கொடாமலே கற்றுக்கொள்கிறது. கற்ற வழி கண்ணுக்குத் தெரியாமையால், கற்றது 'கொடை' எனப் பெயர் பெறுகிறது. இருபது வயதின் பின்னர் பாடத் தொடங்கும் ஒருவருக்கு அந்தக் கல்வி கிட்டியிராது. அவருக்கு அதைச் சொல்லித்தான் கொடுக்க வேண்டும். சொல்லிக் கொடுப்பதற்கு, நிகழ்வது யாது என்பது முதலில் விளங்க வேண்டும்.

ஒலியின் பிறப்பை மூச்சோடு தொடர்புபடுத்தும் சிந்தனை தமிழுக்குப் புதியதன்று. உந்தியிலிருந்து எழும் காற்று நெஞ்சிலும் மிடற்றிலும் தலையிலும் நிலைபெற்று எழுத்தொலியாகின்றது என்று தொல்காப்பியப் பிறப்பியல் கூறுகின்றது. காற்று உந்தியிற் பிறப்பதில்லை என்பதை இன்று எவரும் அறிவர். எனினும் அவ்வாசிரியர் ஒலியின் மூலத்தைத் தொண்டையில் வையாது உடலின் கீழ்ப்பகுதியில் வைத்தமை, பேசும் உடலைக் கூர்ந்து நோக்கியதன் விளைவு என்றே நாம் கருதுகிறோம். பாடும்போது வயிற்றுச் சுவரும் கீழ்விலாக்களும் அசைவதைக் கை வைத்துப் பார்க்கும் எவரும் உணரலாம்.

இனி விடயத்துக்கு வருவோம். நுரையீரல் தானாகச் சுருங்கவும் விரியவும் வல்ல தசையன்று. அது ஒரு மீள்தன்மைப் பை. பிரிமென்றகடு கீழே இறங்கும்போதும், பழுவிடைத் தசைகள் விலாக்கூட்டை உயர்த்தி அகட்டும்போதும் அப்பை இழுபட்டு விரிகின்றது, காற்று உட்புகுகின்றது. இழுக்கும் தசைகள் தளர்ந்தவுடன் அது ஊதிய பலூனைப் போலத் தானே சுருங்க முயலும். சாதாரண சுவாசத்தில் வெளிமூச்சு பெரும்பாலும் இவ்வாறே, எந்த முயற்சியும் இன்றி நிகழ்கின்றது.

பாடுபவருக்கு இடர் இங்கேதான் தொடங்குகின்றது. மூச்சை முழுமையாக நிரப்பிய வளர்ந்த ஒருவர் தசைகளை முற்றாகத் தளரவிட்டுக் குரல்வளையை மூடியிருந்தால், உள்ளே இருக்கும் காற்றின் அமுக்கம் ஏறத்தாழ 30 சதமமீற்றர் நீர்நிரலுக்குச் சமமாக இருக்கும். மெல்லிய, நிதானமான கார்வை ஒன்றுக்குக் குரல் நாண்களின் கீழே வேண்டப்படும் அமுக்கமோ 6 முதல் 8 சதமமீற்றர் மட்டுமே. ஆகவே கார்வையின் தொடக்கத்தில் பாடகரிடம் இருப்பது பற்றாக்குறையன்று, மிகை. தேவைக்கு நான்கு ஐந்து மடங்கான அமுக்கம் வெளியேறத் துடித்துக்கொண்டிருக்கிறது. காற்று செலவாகச் செலவாக இந்த மிகை குறைகின்றது. கொள்ளளவின் பாதியளவு எஞ்சியிருக்கும்போது நுரையீரலின் சுருக்கமும் சுரத்தின் தேவையும் ஏறக்குறையச் சமமாகின்றன. அதன் பின்னரே வயிற்றுத் தசைகளும் விலாவை உள்ளிழுக்கும் தசைகளும் காற்றை வெளியே தள்ளவேண்டிய கட்டம் வருகின்றது. ஜெரெ மீட், டொனால்ட் புறொக்ரர், அரென்ட் பௌஹைஸ் ஆகியோர் பாடகர்களின் உடலில் இவ்வமுக்கங்களை அளந்து 1966 இல் வெளியிட்ட ஆய்வு இந்நிகழ்வைத் தெளிவாக்கியது. நல்ல பாடகர் கார்வையின் முதற்பாதியிலே காற்றைத் தள்ளுவதில்லை; மூச்சை உள்ளிழுக்கும் அதே தசைகளைத் தொடர்ந்து இயக்கி, விலாக்கூடு விழுந்துவிடாமற் பிடித்து வைத்திருக்கிறார். இத்தாலியப் பாடலாசிரியர்கள் 'அப்பொஜ்ஜோ', அதாவது 'சாய்ந்து நிற்றல்', என்று அழைத்ததும் இதனையே.

இதிலிருந்து ஒரு வினா எழுகின்றது. தொடக்கத்திலுள்ள மிகை அமுக்கத்தை விலாக்கூடு தாங்காவிடின் எது தாங்கும்? குரல்வளைதான் தாங்கவேண்டும். குரல் நாண்கள் இறுகி அழுந்திக் காற்றுக்கு அணை போடுகின்றன. ஒலி பிழிந்தெடுத்தது போலாகின்றது. அவை இறுகாவிடின் காற்று பீறிட்டு வெளியேறுகின்றது. ஒலி காற்றுக் கலந்து மெலிந்துபோகின்றது. தொடக்கநிலை மாணவரிடம் நாம் கேட்கும் குறைகளில் பெரும்பாலானவை இவ்விரண்டில் ஒன்றே. "பிரிமென்றகட்டிலிருந்து பாடு", "வயிற்றால் தள்ளு" எனப் பலராலும் சொல்லப்படும் அறிவுரை இவ்விடத்தில் உதவுவதில்லை, கேடும் செய்கின்றது. பிரிமென்றகடு காற்றை உள்ளே இழுக்க மட்டுமே வல்லது. அதனாற் காற்றை வெளியே தள்ள இயலாது. தள்ளு என்று கேட்ட மாணவர் வயிற்றை இறுக்குகிறார். ஏற்கெனவே மிகையாயிருந்த அமுக்கம் மேலும் மிகையாகின்றது.

அமுக்கம் மாறினால் சுருதியும் மாறும். குரல்வளைத் தசைகள் அசையாதிருக்க, நாண்களின் கீழுள்ள அமுக்கம் 1 சதமமீற்றர் கூடினால் மீடிறன் செக்கனுக்கு ஏறத்தாழ 3 முதல் 5 அதிர்வு வரை உயரும். ஐந்து கட்டைச் சுருதியில் பாடும் பெண்ணின் ஆதார சட்சம் செக்கனுக்கு 196 அதிர்வு என்று கொள்வோமாயின், அடுத்த சுரத்தானம் அதற்கு மேலே ஏறத்தாழ 12 அதிர்வில் உள்ளது. ஆகவே அமுக்கம் 3 சதமமீற்றர் பிசகினாலே சட்சம் சுத்த ரிஷபத்தை நோக்கி நகர்ந்துவிடும். சுருதி பிசகுவதைச் செவியின் குறையாகவே நாம் எண்ணிப் பழகியிருக்கிறோம். செவி சரியாக இருந்தும் விலாக்கூடு விழுவதனாற் சுருதி விழும் மாணவர் பலர்.

நாம் நேரிற் கண்ட ஒருவரின் நிலையை இங்கு விரித்துரைத்தல் பொருந்தும். இருபத்திரண்டு வயதான கலைப்பீட மாணவி அவர். சிறு வயதில் இசை பயில வாய்க்கவில்லை. பின்னர் ஓரிடத்திற் சேர முயன்றபோது, ஒரு சட்சத்தைப் பாடச் சொல்லிக் கேட்டுவிட்டு, "பிள்ளை, உமக்குச் சாரீரம் காணாது" என்று அனுப்பிவிட்டார்கள். அந்த ஒரு வாக்கியத்துக்குப் பின் இரண்டு ஆண்டுகள் அவர் பாடவில்லை. ஒருநாள் நாடகப் பயிற்சியொன்றின் கோரஸில் அவர் குரல் கேட்டது. சொற்கள் தொடர்ந்தபோது சுருதி பிசகவில்லை. நீட்டும் இடத்திலேதான் பிசகியது. இசை பயிற்றும் நண்பர் ஒருவருடன் அமர்ந்து அவருடைய கார்வையைப் பதிவுசெய்து பார்த்தோம். சட்சத்தை அவரால் 9 செக்கன் பிடிக்க முடிந்தது. தொடங்கும்போது மீடிறன் 201 ஆக இருந்தது. மூன்றாம் செக்கனில் 196 இற்கு வந்தது. முடியும்போது 189 ஆக இறங்கியிருந்தது. நடுவிலே ஓரிரு செக்கன் மட்டுமே அவர் சுருதியில் நின்றார்.

இவ்வளவைகள் தாமாகவே கதை சொல்கின்றன. தொடக்கத்தில் மேலே நின்றது மிகை அமுக்கத்தால். நடுவில் சேர்ந்தது, அமுக்கம் இறங்கிச் செல்லும் வழியிலே தேவையைத் தற்செயலாகக் கடந்தமையால். இறுதியில் விழுந்தது, எஞ்சிய காற்றைத் தள்ளுவதற்கு வயிற்றுத் தசைகள் உரிய நேரத்தில் வந்து சேராமையால். கணக்கொன்றும் உண்டு. அவர் பயன்படுத்தக்கூடிய காற்று ஏறத்தாழ 3 இலீற்றர் என்று கொண்டால், 9 செக்கனில் அது முடிவதென்பது செக்கனுக்கு 300 மில்லிலீற்றருக்கு மேற்பட்ட செலவாகும். செப்பமான குரலுக்கு 150 மில்லிலீற்றர் அளவே போதும். அதே காற்றில் 20 செக்கன் பாடலாம். ஆகவே அவருக்குக் குறைவாக இருந்தது காற்றன்று. வளர்ந்த ஒருவரின் நுரையீரற் கொள்ளளவு பயிற்சியாற் பெரிதும் மாறுவதுமில்லை. மாறுவது செலவுமுறை.

கருவியில்லாமலும் இக்குறையை இனங்காணலாம். தம்பூராவின் சட்சத்துக்கும் குரலுக்கும் செக்கனுக்கு இரண்டு அதிர்வு வேறுபாடு இருப்பின், இரண்டும் கலந்து ஒலிக்கும்போது செக்கனுக்கு இரண்டு முறை ஒலி தடித்து மெலியும். பௌதிகவியலார் இதனை அடிப்பு என்பர். குரல் சுருதியோடு சேரும்போது அவ்வடிப்பு மெதுவாகி மறைந்துவிடும். சட்சம் சேர்ந்துவிட்டது என்று ஆசிரியர் கண்ணை மூடிச் சொல்வது இந்த மறைவைக் கேட்டுத்தான்.

அம்மாணவியின் பயிற்சி மூச்சிலன்று, இருக்கையிலே தொடங்கியது. மேலைநாட்டுப் பாடகர் நின்று பாடுகிறார். அவர்களுடைய நூல்களிலுள்ள நிலைப்பயிற்சிகள் நிற்கும் உடலுக்கானவை. நம் பாடகர் தரையிற் சம்மணமிட்டு அமர்கிறார். கதிரையிலேயே வளர்ந்த இடுப்பு மூட்டுகள் தரையில் அமரும்போது போதியளவு விரிவதில்லை. முழங்கால்கள் மேலெழுந்து நிற்கின்றன. அதை ஈடுசெய்ய இடுப்பெலும்பு பின்னோக்கிச் சரிகின்றது, கீழ்முதுகு கூனுகின்றது, கீழ்விலாக்கள் வயிற்றின்மேல் அமர்ந்துவிடுகின்றன. விழுந்துகிடக்கும் விலாக்களை விழாமற் பிடிப்பது எங்ஙனம்? இதற்குப் பரிகாரம் எளிது. போர்வையொன்றை 5 முதல் 8 சதமமீற்றர் உயரத்துக்கு மடித்து, பிட்டத்தின் கீழே மட்டும் வைத்து அமர வேண்டும். தொடைகள் அதன்மேல் வரலாகாது. முழங்கால்கள் இடுப்பு மட்டத்துக்குக் கீழே இறங்குகின்றனவா என்பதே சோதனை. இறங்கினால் முதுகு தானாக நிமிரும். நிமிர்ந்து உட்கார் என்று அதட்டுவதால் நிமிரும் முதுகு இரண்டு நிமிடத்தில் மீண்டும் கூனும்.

இன்னும் இரண்டு பழக்கங்களைத் திருத்தவேண்டியிருந்தது. சுரம் எழுதிய கொப்பியைத் தரையில் வைத்துக் குனிந்து பார்ப்பதால் நாடி நெஞ்சை நோக்கி இறங்கிக் குரல்வளை நெருக்குண்டது. கொப்பியை ஒரு சிறு பலகையின்மேல் கண்ணுக்கு நேராகச் சாய்த்து வைத்ததும் அது நீங்கியது. வலது கையால் தாளமிடும்போது உடல் அப்பக்கமாகச் சாய்வது இரண்டாவது. கார்வைப் பயிற்சியின்போது தாளத்தை நிறுத்திவிட்டு மனதில் எண்ணுமாறு நண்பர் சொன்னார். தாளம் போடாமற் பாடுவது முறையன்று என அம்மாணவி முதலில் மறுத்தார் என்பதையும் குறிப்பிட வேண்டும்.

மூச்சின் அசைவை இனங்காண்பதற்காக முதல் வாரத்தில் மல்லாந்து படுத்து, முழங்கால்களை மடித்து, வயிற்றின்மேல் ஒரு நூலை வைத்துச் சுவாசித்தார். உள்மூச்சில் நூல் உயர வேண்டும், தோள் அசையலாகாது. இப்பயிற்சி ஒருவார காலத்துக்குமேல் வேண்டியதில்லை. படுத்திருக்கையில் வயிற்றின் உள்ளுறுப்புகள் பிரிமென்றகட்டை மேல்நோக்கி அழுத்துவதால் உணர்வு வேறாகின்றது. படுத்துக் கற்றது அமரும்போது அப்படியே வருவதில்லை.

அடுத்தது ஒலியற்ற பயிற்சி. இருக்கையில் அமர்ந்து, கைகளை இருபக்கக் கீழ்விலாக்களின் மேல் வைத்து, கொள்ளளவின் முக்கால் பங்கு வரை மட்டும் மூச்செடுக்க வேண்டும். முழுமையாக நிரப்புவது தொடக்கநிலையாளர் எல்லோரும் செய்யும் பிழை. நிரப்ப நிரப்ப மிகை அமுக்கமும் தோளின் இறுக்கமும் கூடுகின்றன. பின்னர் பல்லிடுக்கால் 'ஸ்...' என்ற சீறலை ஒரே அளவில் வெளியிட வேண்டும். எண்ணிக்கையின் முதல் மூன்றிலொரு பகுதியில் விலாக்கள் கையைவிட்டு அகலாதிருக்க வேண்டும். அவற்றைப் பிடித்து வைக்கும் முயற்சி, 'இன்னும் சற்று மூச்செடுக்கப் போகிறேன்' என்ற எண்ணத்தை ஒத்தது. அந்த எண்ணத்தோடே காற்றை விடவேண்டும். இவ்வாறு விளக்கியபோதுதான் மாணவிக்கு அது பிடிபட்டது. தசைகளின் பெயர்களை அடுக்கிச் சொன்னபோது பிடிபடவில்லை. தொண்டையை மூடிக் காற்றை அடக்குவது வேறு, விலாவைத் திறந்து வைத்திருப்பது வேறு. பிராணாயாமம் பழகியவர்கள் இங்கு இடறக் கூடும். கும்பகத்தில் காற்று நிற்கின்றது. கார்வையில் அது இடையறாது ஓடுகின்றது. கும்பகத்தில் ஒரு நிமிடம் நிற்க வல்லவரும் கார்வையிற் பத்துச் செக்கனில் சோரலாம். பாடகருக்கு வேண்டியது இரேசகத்தின் கட்டுப்பாடு.

மூன்றாவது பயிற்சியே மிகுந்த பயனைத் தந்தது. ஒரு பாத்திரத்தில் நீர் நிரப்பி, அகன்ற குழாயொன்றின் நுனியை நீர்மட்டத்துக்குக் கீழே 5 சதமமீற்றர் ஆழத்தில் வைத்து ஊதவேண்டும். சிறுபிள்ளைகள் ஊதி விளையாடும் பப்பாசி இலைக்காம்பும், பால் போகக் கழுவினால், இதற்குப் போதும். நுனியிலிருந்து குமிழி எழவேண்டுமாயின் வாயிலுள்ள அமுக்கம் 5 சதமமீற்றர் நீர்நிரலை எட்ட வேண்டும். மெல்லிய கார்வைக்கு வேண்டிய அமுக்கத்துக்கு இது அணித்தானது என்பதைக் கவனிக்க. குமிழிகள் ஒரே வேகத்தில் ஒழுங்காக எழுந்தால் அமுக்கம் நிதானமாக உள்ளது. தொடக்கத்தில் நீர் கொந்தளித்து ஈற்றில் குமிழி நின்றுபோனால், மாணவியின் 201 இலிருந்து 189 வரையிலான வீழ்ச்சியை நீர் கண்முன்னே காட்டுகின்றது. செவி காட்டத் தயங்குவதை நீர் காட்டிவிடுகிறது. மூச்சு மட்டும் ஊதிப் பழகியபின், அதே குழாயினூடாகச் சட்சத்தை முனகினார். வாயிலும் அமுக்கம் நிறைவதால் குரல் நாண்கள் ஒன்றையொன்று அழுத்துவது தளர்கின்றது. பின்லாந்தில் அந்தி சோவிஜார்வி போன்றோர் குரற் சிகிச்சைக்கு நீரினுள் அமிழ்த்திய குழாயைப் பயன்படுத்தியதும் இதே நோக்கில்தான்.

இவற்றின் பின்னரே கார்வை. தம்பூராவை ஒலிக்கவிட்டு, காற்று பீறிடாமலும் தொண்டை வெடிக்காமலும் அகாரத்தில் சட்சத்தைத் தொடங்கி, எட்டு எண்ணும்வரை பாடி நிறுத்த வேண்டும். எட்டின் முடிவில் இன்னும் இரண்டு எண்ணத்தக்க காற்று எஞ்சியிருக்க வேண்டும். எஞ்சாவிட்டால் அடுத்த முறை ஆறுடன் நிறுத்த வேண்டும். மூச்சு அற்றுப்போகும்வரை இழுத்துப் பாடுவதைச் சிலர் சாதகம் என்பர். அவ்வாறு பாடும்போது ஈற்றுச் செக்கன்களில் தொண்டை இறுகுகின்றது. நாள்தோறும் திரும்பத் திரும்பப் பழக்கப்படுவது அந்த இறுக்கமே. ஒரு கார்வைக்கும் அடுத்ததற்கும் இடையில் இரண்டு சாதாரண மூச்சுகள் விடவேண்டும். தலைசுற்றல் தோன்றினால் அன்றைய பயிற்சியை நிறுத்த வேண்டும். ஒருவேளைக்கு 15 நிமிடம் போதுமானது. எட்டு எண்ணிக்கையில் அடிப்பு கேளாதுபோன பின்னரே பத்துக்குச் செல்லலாம்.

நடுவில் நடுக்கம் தோன்றுமாயின், அது பெரும்பாலும் தள்ளும் தசையும் தாங்கும் தசையும் பொறுப்பை மாற்றிக்கொள்ளும் இடத்தில் நிகழும். அம்மாணவிக்கு மூன்றாம் வாரத்தில் இந்நடுக்கம் புதிதாக வந்தது. பின்னடைவு என்று அவர் கலங்கினார். முன்னர் அவர் விலாவைத் தாங்கவேயில்லை. ஆதலால் மாற்றமும் இல்லை, நடுக்கமும் இல்லை. தாங்கத் தொடங்கியபின்தான் கைமாறும் இடம் ஒன்று உண்டாயிற்று. இருவாரங்களில் அது தணிந்தது.

இப்பயிற்சிகளின் எல்லையையும் கூறவேண்டும். தொய்வு நோயுள்ளோர் மருத்துவரைக் கேட்டே தொடங்குதல் வேண்டும். மூன்று வாரங்களுக்கு மேலாகக் குரல் கம்மியிருப்பவர்க்கு வேண்டியது மூச்சுப் பயிற்சியன்று, குரல்வளைப் பரிசோதனை. கமகத்தையோ இராக பாவத்தையோ இவை கற்பிப்பதுமில்லை. அவை ஆசிரியரிடமிருந்தே வரவேண்டும்.

ஆறு வாரத்தின் முடிவில் அதே அறையில், அதே சுருதியில் மீண்டும் பதிவுசெய்தோம். சட்சம் 16 செக்கன் நின்றது. மீடிறன் 197 இற்கும் 195 இற்கும் இடையிலேயே இருந்தது. கடைசி ஒரு செக்கனில் மட்டும் 193 இற்கு இறங்கியது. மந்தர பஞ்சமம் இன்னும் தளர்ந்தே இருக்கின்றது. அங்கு காற்றுக் கலப்பு நீங்கவில்லை. அதற்கு மேலும் சில மாதங்கள் ஆகும் என்பது நண்பரின் கணிப்பு. மாணவி இப்பொழுது அவரிடமே வாரம் இருமுறை பயில்கிறார். மடித்த போர்வையைத் தம்முடனேயே கொண்டுவருகிறார்.